உன் மதம் எதுவென்று உரைப்பவர் யார்?

திருப்பெரும்புதூருக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு முகம் இராமானுசர் பிறந்த ஊர் என்ற முகம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலும், அந்த ஆசாரியரின் திருமேனியும், ஆயிரமாண்டுப் பெருமையும் அங்கே. மற்றொரு முகம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழிற்சாலைகளின் முகம். விடியற்காலையில் வேலையாட்களை ஏற்றிவரும் பேருந்துகளும், இரவெல்லாம் உறங்காத விளக்குகளும், கார்களைச் சுமந்து துறைமுகம் நோக்கிச் செல்லும் நீண்ட வண்டிகளும் இங்கே. இந்த இரண்டு முகங்களும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதில்லை என்று எண்ணுவோர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை, தோழரே! ஒரு சிறு கட்டத்தில் அவை இரண்டும் சந்திக்கின்றன. வேலைக்கு வரும் இளைஞன் நிரப்ப வேண்டிய தாளில், தந்தை பெயருக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நடுவே, இரண்டு அங்குல நீளத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதன் தலைப்பு: மதம்.

எழுதிவிட்டுப் போகிறான். என்ன எழுதினான்? பெரும்பாலும், தாத்தாவை யாரோ எழுதிவைத்ததை எழுதினான். தாத்தாவை எழுதியது யார்? எந்த அளவுகோலை வைத்து எழுதினார்? அந்த அளவுகோலைச் செய்து கொடுத்த தச்சன் எவன்? இன்றைய ஞாயிற்றில் இதைத்தான் உங்களோடு பேசப்போகிறேன்.

கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை இன்று நான் எடுக்கவில்லை. அது வேறு மேடை. ஒருவன் நம்பட்டும், நம்பாமல் போகட்டும். ஆனால் அவன் எதை நம்புகிறான் என்று அவனைத் தவிர மற்றெல்லோரும் கூடித் தீர்ப்புச் சொல்லும் விந்தை இருக்கிறதே, அது நம் நாட்டில் நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறது. அந்த விந்தையின் கதை இது.

1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை ஏற்றவர் எட்வர்ட் கெயிட் என்ற துரைமகனார். அவருக்கு ஓர் ஐயம் வந்தது. இந்துக்கள் என்று கணக்கில் வருவோரில் பல இலட்சம் பேரைக் கோயிலுக்குள் விடுவதில்லை. பார்ப்பனர் அவர்களுக்குச் சடங்கு செய்வதில்லை. தொட்டால் தீட்டு என்கிறார்கள். பின் எப்படி இவர்கள் இந்துக்கள்? ஐயம் நியாயமானதுதான். அதே கேள்வியை நம் ஊர் மேடையில் நாமே கேட்டிருக்கிறோம். ஆனால் துரை அதைத் தீர்க்க எடுத்த வழி இருக்கிறதே, அங்கேதான் கவனிக்க வேண்டும். 1910இல் மாகாணக் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அதிலே பத்துச் சோதனைகள். இந்தப் பத்தில் தேறாத சாதிகளையும் பழங்குடிகளையும் தனியே குறித்து அனுப்புக என்றார். அண்ணல் அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோரைப் பற்றி எழுதிய நூலில் இந்தப் பட்டியலை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

அந்தப் பத்தும் இவை: பார்ப்பனரின் மேலாண்மையை மறுப்போர், பார்ப்பனரிடமோ, ஏற்கப்பட்ட வேறு இந்துக் குருவிடமோ மந்திர உபதேசம் பெறாதோர், வேதத்தின் அதிகாரத்தை மறுப்போர், பெரிய இந்துக் கடவுளரை வணங்காதோர், நல்ல பார்ப்பனர் குடும்பப் புரோகிதராக வராதோர், பார்ப்பனப் புரோகிதரே இல்லாதோர், கோயிலின் உட்புறம் செல்ல அனுமதிக்கப்படாதோர், தொட்டாலோ நெருங்கினாலோ தீட்டுண்டாக்குவோர், இறந்தோரைப் புதைப்போர், மாட்டிறைச்சி உண்டு பசுவைப் போற்றாதோர்.

படித்தாயிற்றா? இன்னொரு முறை, மெதுவாகப் படியுங்கள். நாடகம் எழுதுகிறவன் நான். ஒரு காட்சியிலே யார் பேசுகிறார், யார் ஊமையாக நிற்கிறார் என்று பார்ப்பது என் தொழில். இந்தப் பத்துச் சோதனைகளில் நான்கில் பார்ப்பனர் பெயர் வெளிப்படையாகவே வருகிறது. யாரைச் சோதிக்கிறார்களோ அவருடைய செயலைப் பற்றிய சோதனைகள் எத்தனை என்று எண்ணுங்கள். புதைப்பது ஒன்று, உண்பது ஒன்று. மற்றவை? மறுக்கிறான், பெறவில்லை, வணங்கவில்லை என்று இல்லாமையின் பட்டியல். அதைவிடக் கொடுமை, நான்கு சோதனைகள் அவனைப் பிறர் எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பற்றியவை! புரோகிதர் வர மறுக்கிறார். கோயிற் காவலர் கதவை அடைக்கிறார். எதிரே வருபவர் ஒதுங்கி நிற்கிறார். செய்தவர் அவர்கள். ஆனால் தேர்வில் தவறியவன் இவன்! அடித்தவனை விட்டுவிட்டு, அடிபட்டவன் முதுகிலே தழும்பைப் பார்த்து, "உன் மதம் இதுவல்ல" என்று எழுதுகிறது அளவுகோல்.

சரி, திருப்பெரும்புதூரிலே பிறந்த பெரியவரையே இந்தத் தேர்வுக்கு உட்கார வைப்போமா? விளையாட்டுக்காக அல்ல, அளவுகோலின் கோணலைக் கண்டறிய அதுவே நல்ல வழி. ஒன்பதாவது சோதனை புதைப்பது. இராமானுசர் துறவி. துறவியரை எரிப்பதில்லை, பள்ளிப்படுத்துவதுதான் மரபு. அவர் திருமேனி திருவரங்கத்தில் நிலைபெற்றிருப்பதாக வைணவர் இன்றும் வழிபடுகிறார்கள். ஒன்பதாவது சோதனையில் ஆசாரியர் தவறிவிட்டார்! துறவிக்கு மட்டும் விலக்கு என்பார்கள். அப்படியானால் கருநாடகத்து வீரசைவர்? குடும்பத்தாரும் புதைக்கப்படுகிறார்கள். வேதம்? வேதத்தோடு ஆழ்வார்களின் தமிழையும் மறை என்று கொண்டாடிய நெறி அவருடையது. எந்த வேதத்தை மறுத்தால் குற்றம், எந்த வேதத்தை ஏற்றால் தேர்ச்சி என்று கெயிட் துரையின் தாளில் குறிப்பில்லை. மந்திரமோ? மறைவாகக் காக்கவேண்டியதைத் திருக்கோட்டியூரிலே ஊரறியச் சொன்னார் என்பது அடியார்கள் சொல்லும் வரலாறு. அதைக் கேட்ட ஊர்மக்கள் அனைவரும் இரண்டாவது சோதனையில் தேறியவர்களா, தவறியவர்களா? எந்த அதிகாரி விடை சொல்வார்?

அடுத்து, சேரியைச் சோதிப்போம். தீண்டினால் தீட்டு உண்டாகிறதா என்று சேரியைப் பற்றிக் கேட்டார்கள். அக்கிரகாரத்தைப் பற்றிக் கேட்டார்களா? தஞ்சை மாவட்டத்தில் பறையர், பள்ளர், சக்கிலியர் குடியிருப்புகளுக்குள் பார்ப்பனர் வந்தால் தங்களுக்குத் தீங்கு நேரும் என்று அம்மக்கள் வன்மையாகத் தடுத்தனர் என்பது அக்காலத்து மாவட்ட விவரச் சுவடியிலேயே இருக்கிறது. அம்பேத்கர் அதையும் எடுத்தாண்டார். அதாவது சேரிக்கும் ஒரு தீட்டுக் கொள்கை இருந்தது. அதில் தீட்டானவர் பார்ப்பனர்! சேரிக்கும் காவல் தெய்வம் இருந்தது, பூசாரி இருந்தார், நோன்பு இருந்தது, மாண்டோரை வழியனுப்பும் முறை இருந்தது. இவற்றில் ஒன்றைப் பற்றியும் பத்துக் கேள்விகளில் ஒரு கேள்விகூட இல்லை. நீ எதை வணங்குகிறாய் என்று கேட்காமல், எதை வணங்கவில்லை என்று கேட்டே ஒரு மக்கள்கூட்டத்தின் சமயத்தை எழுதி முடித்தார்கள்.

விடைகள் வந்தன. மத்திய மாகாணங்களிலும் பேராரிலும் இந்துக்கள் என்று எழுதப்பட்டவரில் கால்பங்கினர் பார்ப்பன மேலாண்மையையும் வேதத்தின் அதிகாரத்தையும் மறுத்தனர். பாதிப் பேருக்கு மேல் ஏற்கப்பட்ட குருவிடம் மந்திரம் பெறவில்லை. மூன்றில் ஒரு பங்கினருக்குக் கோயிலில் இடமில்லை. ஐந்தில் இரண்டு பங்கினர் மாட்டிறைச்சி உண்டனர். கெயிட்டின் அறிக்கை தரும் கணக்கு இது. இதைக் கண்டு துரை அளவுகோலை ஐயுற்றாரா? ஒரு துணியை முழம் போட்டுப் பார்த்தபோது ஊரிலே பாதித் துணி குறைந்தால், நெசவாளியைக் குறை சொல்வதா, முழக்கோலை எடுத்துப் பார்ப்பதா?

சுற்றறிக்கை வந்ததும் எழுந்தது கூக்குரல். 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி தந்திருந்தது. எண்ணிக்கைக்கேற்ப இடம் என்ற காலம் பிறந்துவிட்டது. பல இலட்சம் தலைகள் கணக்கிலிருந்து கழிந்தால் என்னாவது? அதுவரை தலையைக் கண்டாலே குளிக்க ஓடியவர்கள், அந்தத் தலையை எண்ணும்போது மட்டும் "எம்மவன்!" என்றார்கள். அந்த அச்சத்திலும் ஒரு நன்மை விளைந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஒடுக்கப்பட்டோரைப் புறந்தள்ளி வைத்தால் எண்ணிக்கையை இழப்போம் என்று உணர்ந்த தலைவர்கள் தீண்டாமை ஒழிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். மனம் மாறிப் பேசினார்களா, எண் மாறுமே என்று பேசினார்களா என்பதைப் படிப்பவர் முடிவுக்கு விடுகிறேன்.

இத்தனைக்கும் நடுவே, கேட்காத கேள்விக்குத் தானே விடை சொன்ன ஒரு தமிழர் இருந்தார். பண்டிதர் அயோத்திதாசர். 1898இல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று பௌத்தம் தழுவி வந்து, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டைத் தொடங்கினார். ஒரு பைசா! துரையின் அறிக்கையோ தடித்த தொகுதிகள். அந்த ஒரு பைசா ஏட்டிலே, நாம் யார் என்பதை நாமே சொல்வோம், கணக்கெடுப்பிலே பௌத்தர் என்று பதிவு செய்வோம் என்று எழுதினார். அவர் வரலாறென்று சொன்னவை அனைத்தும் சரியா என்று அறிஞர்கள் வாதிடட்டும். அவர் கேட்ட உரிமை வேறு: பெயரிடும் உரிமை.

சரி, கெயிட் துரை அந்த அளவுகோலை எந்தக் கடையில் வாங்கினார்? அவராகச் செய்ததல்ல. ஐரோப்பாவிலே அப்போது மதங்களை ஒப்பிட்டு ஆராயும் ஒரு கல்வி வளர்ந்துகொண்டிருந்தது. அதன் பெருந்தலைவர் மாக்ஸ்முல்லர். இந்திய மண்ணை ஒருநாளும் மிதிக்காதவர். கீழைநாட்டுப் புனித நூல்கள் என்ற வரிசையை அவர் பதிப்பித்தார். 1879 முதல் 1910 வரை ஐம்பது தொகுதிகள். மதம் என்றால் நூல். நூல் என்றால் பழமையான நூல். அதைச் சொல்ல வல்லவர் அதைக் காத்துவரும் புரோகிதர் என்ற நோக்கு. விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு வளர்ந்த புராட்டஸ்டண்டு நாட்டவர்க்கு அது இயல்பாகவே தோன்றியது. அந்த வரிசையின் 48ஆம் தொகுதி, 1904இல் தீபோ மொழிபெயர்த்தது, யாருடையது தெரியுமா? நம் திருப்பெரும்புதூராரின் பிரம்மசூத்திர உரை. வடமொழியில் எழுதியதால் உள்ளே போனார். அவர் போற்றிய ஆழ்வார் தமிழ்? ஐம்பது தொகுதியிலும் ஒரு தமிழ் நூலுக்கும் இடமில்லை. கோயிலிலே பெருமாளுக்கு முன்னே பாடிச் செல்லும் தமிழுக்கு, மதநூல் வரிசையிலே இடமில்லை! பாட்டுக்கே அந்தக் கதியென்றால், எழுத்தே இல்லாத எல்லையம்மனுக்கு எந்தத் தொகுதியில் இடம்?

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். ஆகையால் பேராசிரியர்களின் நூல்களைத் தேர்வு அச்சமின்றிப் படிக்கும் பேறு எனக்குண்டு. தலால் ஆசாத் என்ற மானிடவியலாளர் 1993இல் வெளியிட்ட ஒரு நூலில், மதம் என்பது மனத்துக்குள் இருக்கும் நம்பிக்கை, அரசியலுக்கும் உழைப்புக்கும் நிலத்துக்கும் அப்பாற்பட்டது என்ற எண்ணமே ஐரோப்பாவின் தனி வரலாற்றில் விளைந்த சரக்கு, அதை உலகத்துக்கெல்லாம் பொதுவென்று விற்றார்கள் என்று காட்டினார். கேட்பதற்குக் காற்றில் மிதக்கும் வாதம்போல் இருக்கும். நம் மாவட்டத்து மண்ணில் அது எப்படி இறங்கியது என்று பாருங்கள்.

இன்று தொழிற்சாலைகள் நிற்கும் இந்தப் பகுதி அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் அதன் கலெக்டர் திரமென்கீர், பறையர்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கடனுக்கு அடிமைப்பட்ட பண்ணையாட்கள். குடிசை நிற்கும் மனைகூட மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையும் போகும். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வில்லியம் கவுடி ஆகிய பாதிரிமாரும் இக்கொடுமையை அரசின் காதுக்குக் கொண்டுசென்றனர். 1892 செப்டம்பர் 30இல் பிறந்தது அரசாணை. அதிலிருந்து வந்ததுதான் இன்றும் வழக்கு மன்றங்களில் இழுபடும் பஞ்சமி நிலம்.

உழுதவன் கேட்டது நிலம், மனை, அடிபடாத வாழ்வு. ஆனால் 1858இல் விக்டோரியா அரசியார் மத விஷயங்களில் தலையிடமாட்டோம் என்று பறைசாற்றியிருந்தார். சாதி என்பது மதம் என்று எழுதிக்கொண்டால் போதும், பண்ணையடிமை முறையும் கைவைக்கக் கூடாத புனிதப் பொருளாகிவிடும்! மிராசுதாரர் தம் வயலைக் காக்க வேலி தேடினார்; மதம் என்ற சொல் நல்ல முள்வேலியாகக் கிடைத்தது. மறுபுறம், சேரி மக்கள் கூட்டங்கூட்டமாகப் பாதிரியாரிடம் சென்றபோது அவர் கேட்டார்: ஆன்மாவுக்காக வந்தாயா, அரிசிக்காக வந்தாயா? உண்மையான மதமாற்றம் உள்ளத்தில் நிகழவேண்டும். வயிற்றுக்காக வருவது போலி. ரூபா விசுவநாத் 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் இந்த இரு கதவுகளையும் விரிவாகக் காட்டுகிறது. பசித்தவனை நோக்கி, "உன் பசியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வா" என்கிறார்கள். பசியும் பக்தியும் இரண்டு பைகளில் இருக்கும் பொருள்களா? எல்லையம்மனிடம் மழைக்கும் மகப்பேற்றுக்கும் வேண்டிக்கொண்டவன், வேதநாதரிடம் நிலத்துக்கு வேண்டினால் அது மட்டும் போலியா?

துரைமார் போனார்கள். அளவுகோல் போயிற்றா? இல்லை, கை மாறிற்று.

1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையில் மூன்றாவது பத்தி, இந்து மதத்தினின்று வேறான மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர், 1990இல் பௌத்தர். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. இங்கே ஒரு முரணைக் கவனியுங்கள். 1911இல் கோயிலுக்குள் விடப்படாததால் நீ இந்து அல்ல என்று ஐயுற்றார்கள். 1950இல், கோயிலுக்குள் விடப்படாதவன் என்பதற்கான நிவாரணம் வேண்டுமா, நீ இந்துவாக இருந்தாக வேண்டும் என்றார்கள்! பழங்குடியினருக்கான ஆணையில் இப்படியொரு மத நிபந்தனை கிடையாது. சாதிக்கு மட்டும் ஏன் என்றால், தீண்டாமை இந்து சமயத்துக்கே உரியது என்பது விடை. தமிழ்நாட்டுக் கல்லறைகளில் சாதிக்கொரு சுவர் நின்றதைப் பார்த்தவர்கள் அந்த விடையைக் கேட்டுச் சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்து வாழ்ந்தார் ஒருவர். ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரானவர். அவரைப் போன்ற பட்டியல் சாதித் தொழிலாளர்க்கு அரசு இலவசமாகச் சிறு பெட்டிக்கடை வழங்கியது. இவருக்குக் கிடைக்கவில்லை, காரணம், மதம். அதே தெரு, அதே வெயில், அதே ஊசி, அதே அறுந்த வார். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு நிழல், இவருக்கு இல்லை. உச்சநீதிமன்றம் சென்றார். 1985 செப்டம்பர் 30இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது. அந்தச் சாதியின் இன்னல்கள் புதிய மதச் சூழலிலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று மெய்ப்பிக்க வேண்டும், அதற்கான சான்று முன்வைக்கப்படவில்லை என்று மன்றம் கூறியது. செருப்புத் தைப்பவர், தம் புது மதத்தின் உள்ளே சாதி எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று சமயவியல் ஆராய்ச்சி நடத்திச் சான்று தரவேண்டும்! நீதிபதிகளின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. கேள்வி அமைந்த விதம் அப்படி. வெயிலைப் பற்றி விசாரிக்கவேண்டிய இடத்தில் மதத்தைப் பற்றி விசாரித்தார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் எடுத்துக்கொள்வோம். வலுவில்லாததை அடித்து வீழ்த்துவதில் பெருமையில்லை. "அவரவர் சொல்வதே மதம் என்றால், நாளைக்கு ஒரு கூட்டம், நாங்கள் தனி மதம், சட்டம் எங்களைத் தொடாது என்று சொல்லாதா?" என்பார்கள். சொன்னார்கள்! குசராத்தைச் சேர்ந்த சுவாமிநாராயண சத்சங்கத்தார், தாங்கள் இந்துக்களே அல்லர் என்று 1948இல் வழக்குத் தொடுத்தனர். எதற்காக? ஆலயப் பிரவேசச் சட்டம் தங்கள் கோயில்களுக்குப் பொருந்தக்கூடாது. ஒடுக்கப்பட்டோர் உள்ளே வரக்கூடாது என்பதற்காக. 1966 சனவரியில் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி கசேந்திரகட்கர், நீங்கள் இந்துக்களே என்று தீர்ப்பளித்துக் கதவைத் திறந்தார். திறந்த கதவை நான் வரவேற்கிறேன். ஆனால் திறவுகோலைப் பார்த்தீர்களா? திலகர் தந்த வரையறையைத் தழுவி, வேதங்களைப் பயபக்தியோடு ஏற்பது இந்துவின் முதல் அடையாளம் என்றது அந்தத் தீர்ப்பு. கெயிட்டின் மூன்றாம் சோதனை, தலைகீழாகத் திரும்பி, நீதிமன்றத்தின் முதல் இலக்கணமாக வந்து அமர்ந்தது. கதவைத் திறக்க அது தேவையா? பொதுமக்கள் வழிபடும் இடத்தில் பிறப்பைச் சொல்லி எவரையும் தடுக்கக் கூடாது என்ற ஒரே வரி போதாதா? உன் மதம் எதுவாயினும் சரி, மனிதனைத் தடுக்காதே என்று சொல்லியிருந்தால், யார் இந்து என்ற ஆராய்ச்சியே வேண்டியிருந்திராது.

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமோ இன்னும் எளிதாக வேலையை முடித்துவிட்டது. முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாதவரெல்லாம், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலொழிய, அதற்குள் அடக்கம். வேதத்தைப் பார்க்காதவனும் இந்து, கடவுளை மறுப்பவனும் இந்து. முன்னது இடுக்கி, பின்னது வலை. வேண்டும்போது வெளியே தள்ள ஒன்று, வேண்டும்போது உள்ளே இழுக்க ஒன்று.

அண்மைக் கதையும் உண்டு. 2024 நவம்பர் 26இல் புதுவையைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் இந்து, பட்டியல் சாதிச் சான்று வேண்டும் என்றார் அவர். குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம், தேவாலயம் சென்று வந்தது ஆகியவற்றைச் சுட்டி, நீ கிறித்தவர் என்றது மன்றம். உண்மையான நம்பிக்கையின்றி, இட ஒதுக்கீட்டுப் பயனுக்காக மட்டுமே மதம் மாறுவது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்றும் சொன்னது. செங்கல்பட்டுப் பாதிரியாரின் குரல் கேட்கிறதா, தோழரே? ஆன்மாவுக்காக வந்தாயா, அரிசிக்காக வந்தாயா? வேலைக்கு விண்ணப்பித்த பெண்ணின் உள்ளத்துக்குள் இறங்கி நம்பிக்கையை நிறுத்துப் பார்க்க, எந்தத் தராசு இருக்கிறது மன்றத்தில்? ஞாயிறு தேவாலயத்துக்குப் போய், ஆடியிலே அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீடுகள் நம் ஊர்களில் இல்லையா? வேளாங்கண்ணிக்கு நடக்கும் இந்துவும், நாகூருக்கு நேர்ந்துகொள்ளும் இந்துவும் எந்தக் கட்டத்தில் அடங்குவர்? மக்கள் வாழ்கிற வாழ்வுக்கு ஏற்பக் கட்டம் இல்லையென்றால் கட்டத்தைத்தான் மாற்றவேண்டும்.

நாம் கேட்பது பெரிய புரட்சியன்று. ஒருவனுக்குச் சாதியால் வந்த இழிவு இருக்கிறதா, அதை விசாரி. அவன் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறான் என்பதை விட்டுவிடு. நீதிபதி ரங்கநாத மிசுரா ஆணையம் 2007இல் மதத்தையும் பட்டியல் சாதி நிலையையும் பிரிக்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19இல், கிறித்தவரான ஆதிதிராவிடர்க்கும் அந்த உரிமையை அளிக்க அரசியலமைப்பு வழியே திருத்தம் செய்க என்று தீர்மானம் நிறைவேற்றியது. பட்டியலில் பங்கு குறையுமே என்று அஞ்சும் தோழர்கள் நம்மிடையேயும் உண்டு. அந்த அச்சம் பொய்யன்று. ஆட்கள் கூடினால் பங்கின் அளவும் கூடவேண்டும் என்று சேர்ந்து கேட்பது அதற்கு வழி. வெயிலில் இருப்பவரை நிழலுக்கு வெளியே நிறுத்திவைப்பது வழியாகாது.

இப்போது ஒரகடத்துக்கு வருவோம். 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2025 சூனில் அறிவிக்கப்பட்டது. இம்முறை சாதியும் கேட்கப்படும். கணக்கெடுப்பாளர் தட்டும் கதவுகளில், தொழிற்சாலை வேலைக்கு வந்து வாடகை அறைகளில் தங்கியிருக்கும் வடபுலத்து இளைஞர்களின் கதவுகளும் இருக்கும். அவர்களில் ஒருவன் ஜார்க்கண்டுப் பழங்குடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வழிபடுவது சால் மரத்தோப்பை; பெயர் சர்னா. கணக்கெடுப்பிலோ ஆறு மதங்களுக்குத் தனி இடம். மற்றதெல்லாம் 'பிற' என்ற மூட்டையில். அப்படியிருந்தும் 2011இல் ஏறத்தாழ 49 இலட்சம் பேர் விடாப்பிடியாகச் சர்னா என்று சொல்லி எழுதச் செய்தார்கள். தனிக் குறியீடு வேண்டுமென்று ஜார்க்கண்டுச் சட்டமன்றம் 2020 நவம்பரில் தீர்மானம் போட்டது. அயோத்திதாசரின் பெயரைக் கேட்டறியாத மக்கள், அயோத்திதாசர் செய்ததையே செய்தார்கள்.

2011இல் கணக்கெடுப்பாளர்க்குத் தந்த கையேட்டில் ஒரு நல்ல வரி இருந்தது. வீட்டார் எந்த மதம் என்று சொல்கிறார்களோ அதையே எழுது, வாதாடாதே, பெயரைப் பார்த்து நீயாக ஊகிக்காதே. மதமில்லை என்றால் அவ்வாறே எழுது என்ற கருத்துடைய வரி. கழகத் தோழர்கள் அதை நினைவில் வைக்கவேண்டும். அறைத்தோழனின் மொழி தெரியாத கணக்கெடுப்பாளர் அவசரத்தில் "இந்துதானே?" என்று எழுதிக்கொண்டு நகரும்போது, பக்கத்து அறையில் இருக்கும் நீங்கள், "அவனைக் கேட்டு எழுதுங்கள் ஐயா" என்று சொல்லவேண்டும். மொழிபெயர்க்க ஆள் தேடிக் கொடுங்கள்.

அதே கையேட்டில் அடுத்த கேள்விக்கான குறிப்பு இன்னொன்றும் சொன்னது: பட்டியல் சாதியினர் இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோரில் மட்டுமே இருக்க முடியும். முதல் கேள்விக்கு மனமறிந்து விடை சொன்ன ஆதிதிராவிடக் கிறித்தவனுக்கு, இரண்டாவது கேள்வியின் கதவு அந்த விடையாலேயே அடைபடுகிறது. 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாவது பத்தி இருக்கும்வரை, நம் தெருவில் அந்தக் கதவை எந்தக் கணக்கெடுப்பாளராலும் திறக்க இயலாது. திறக்கவேண்டியது தில்லியில்.